திறவுகோலைக் கையளித்தல்

கினிகத்தேனையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே கொழுந்து நிறுக்கப்பட்டதும் அதன் எடை கணக்கிற் பதியப்படும். பறித்தவர் தம் கையிலும் ஒரு கணக்கு இருக்கவேண்டுமென விரும்புவது இயல்பே. அதற்கென அவ்வூர் இளைஞரொருவர் ஆண்ட்ரொய்ட் செயலியொன்றை ஆக்கினார் என்று கொள்வோம். அன்றாட எடை அதில் எழுதப்படும். மாத முடிவிற் சம்பளச் சீட்டோடு ஒப்பிடப்படும். அது கூகுளின் கடையில் வெளியாகவில்லை. கைத்தொலைபேசியிலிருந்து கைத்தொலைபேசிக்கே பரவியது. இப்பொழுது அவர் தொழிலுக்காகக் கொழும்பு செல்கிறார். அடுத்துப் பேணவிருப்பவருக்கு அவர் எழுதும் குறிப்பில் முதலிடம் பெறவேண்டியது எது?

மூலநிரல் என்றே பலரும் விடை பகர்வர். ஆயின், மூலநிரல் முழுமையாகக் கையில் இருந்தும் செயலி பயனற்றுப் போகலாம். ஒவ்வொரு செயலியும் ஆக்கியோனின் இரகசியத் திறவுகோலால் ஒப்பமிடப்படுகிறது. அதே திறவுகோலால் ஒப்பமிட்ட புதிய பதிப்பையே பழையதன்மேல் நிறுவ ஆண்ட்ரொய்ட் இடந்தரும். வேறொன்றால் ஒப்பமிட்டு, கணினி வழியாக நிறுவ முயன்றால் இவ்வாறு மறுமொழி வரும்:

```
INSTALL_FAILED_UPDATE_INCOMPATIBLE
```

தொலைபேசியோ நிறுவ முடியவில்லை என்பதோடு நின்றுவிடும். பயனர் பழையதை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவுவார். அதுவும் நன்றாகவே இயங்கும். ஆனால் பழைய செயலியோடு அதனுள் இருந்த பல மாத எடைகளும் அழிந்திருக்கும். சம்பளத்திற் குறைவு கண்டு வாதாட வேண்டியவரிடம் சான்று இராது.

ஆகவே திறவுகோல் அடங்கிய கோப்பும், அதனுள் திறவுகோலுக்கு இட்ட பெயரும், கடவுச்சொற்களும் கையளிக்கப்படல் வேண்டும். கடவுச்சொல்லைக் கோப்போடு ஒரே இடத்தில் வைத்தல் தகாது. கொடுத்த திறவுகோல் சரியானதுதானா என்பதையும் சோதிக்கலாம். மக்களிடமுள்ள பதிப்பின் சான்றிதழை இக்கட்டளை காட்டும்:

```
apksigner verify --print-certs app.apk
```

அங்கு தோன்றும் SHA-256 எண்ணும் திறவுகோற் கோப்பின் எண்ணும் ஒன்றாக இருத்தல் வேண்டும். `CN=Android Debug` என்று வந்தாற் சிக்கல் வேறு. சோதனைப் பதிப்பே மக்களிடம் பரவிவிட்டது என்பது பொருள். அத்திறவுகோல் ஆக்கியோனின் கணினியில் `debug.keystore` என்ற கோப்பாகத் தானே உண்டாவது. அதைக் கையளிக்க எவருக்கும் நினைவு வராது. கணினியைத் துடைத்து விற்றுவிட்டாற் கதை முடிந்தது.

கூகுளின் கடையில், ஒப்பமிடும் திறவுகோலைக் கூகுளே காக்கும் ஏற்பாடு உண்டு; பதிவேற்றும் திறவுகோல் தொலைந்தால் வேறொன்று பெறலாம். கையாற் பரவிய செயலிக்கு அத்தகைய மீட்சி இல்லை. 2018இல் வந்த ஆண்ட்ரொய்ட் 9 திறவுகோலை மாற்ற வழி செய்தது உண்மையே. எனினும் அம்மாற்றத்திற்கும் பழைய திறவுகோலே ஒப்பமிட வேண்டும்.

குறிப்பின் அடுத்த பகுதி, நிரலைப் பார்த்து அறியமுடியாத காரணங்களுக்கு உரியது. நம் செயலியில் எடைக்கு இரண்டு நிரல்கள் உள; தராசு காட்டியது ஒன்று, ஈரத்திற்கும் பைக்கும் கழித்தபின் எழுதப்பட்டது மற்றொன்று. மழைமிக்க கினிகத்தேனையில் இவ்விரண்டின் வேறுபாடே வழக்கின் உயிர். காரணம் அறியாதவர் மிகையென ஒன்றை நீக்கிவிடக்கூடும்.

புதியவர் முதல்நாளில் எதையும் திருத்தலாகாது. பதிப்பெண்ணை மட்டும் ஒன்று கூட்டி, கையளிக்கப்பட்ட திறவுகோலால் ஒப்பமிட்டு, பழைய எடைகள் உள்ள தொலைபேசியொன்றில் நிறுவிப் பார்த்தல் வேண்டும். இருவரும் ஒரே மேசையில் இருக்கையிலேயே அச்சோதனை நடைபெறுவது நன்று. எடைகள் திரையில் எஞ்சவில்லையாயின் கொழும்புப் பேருந்து புறப்படுமுன் கேட்டறியலாம்.