அரை மாத்திரையும் ஒன்பது வரிகளும்

பெரம்பலூர் பக்கத்தில் ஒரு கிராமம். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளைகிற காட்டை ஒட்டிய வீடு. சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. கட்டிலில் உட்கார்ந்தபடியே அப்பாயி அதில் தேதியைச் சரியாகச் சொல்லிவிடுவார். தேதிக்குக் கீழே பொடிப்பொடியாக இருக்கும் ராகு காலம், எமகண்டத்தை மட்டும் யாராவது வாசித்துச் சொல்ல வேண்டும். வயது 76. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ் எழுத்துகள் ஓடிவரும், ஆங்கிலம் தெரியாது.

திருச்சியில் ஒரு மருத்துவமனையில் ஆறு நாள் இருந்துவிட்டு வீடு திரும்பியபோது கையில் ஒரு டிஸ்சார்ஜ் தாள் இருந்தது. அதன் இரண்டாம் பக்கத்தில் மாத்திரை அட்டவணை. ஏழு வரிசை, எட்டு கட்டம், எல்லாம் ஆங்கிலத்தில், எழுத்து 8 பாயின்ட் அளவில். வேளைகள் 1-0-1 என்ற பாணியில் இருந்தன. காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று என்று அர்த்தம்.

மூன்று நாள் மகன்தான் பார்த்துப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுத்தார். நான்காம் நாள் அவருக்கு வெளியூர் வேலை. "நானே எடுத்துப் போட்டுக்கிற மாதிரி பெருசா எழுதிக் குடு கண்ணு" என்று பேத்தியிடம் கேட்டார் அப்பாயி.

பேத்தி முதலில் போனது ஜெராக்ஸ் கடைக்கு. ஏ4 தாளை ஏ3 ஆகப் பெரிதாக்கித் தந்தார்கள். அப்பாயி அதை முகத்துக்கு அருகே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மடித்து வைத்துவிட்டார். காரணம் எளிய கணக்கு. ஏ4-லிருந்து ஏ3-க்குப் போனால் எழுத்து 1.4 மடங்குதான் வளரும். 8 பாயின்ட் எழுத்து சுமார் 11 பாயின்ட் ஆகும். பார்வை குறைந்தவர்களுக்கான பெரிய எழுத்துப் பிரதிகளோ பொதுவாக 18 பாயின்டில் தொடங்குகின்றன. இதே அட்டவணை 24 பாயின்டுக்கு வர வேண்டுமென்றால் அகலத்தில் மூன்று மடங்கு, உயரத்தில் மூன்று மடங்கு பெரிதாக்க வேண்டும். அதாவது ஒன்பது ஏ4 தாளை ஒட்டிய போர்வை! அதில் ஒரு மாத்திரையின் பெயர் இடது ஓரத்திலும், இரவு வேளை வலது ஓரத்திலும் கிடக்கும். வரிசை மாறாமல் கண் அவ்வளவு தூரம் நகர முடியாது.

எனவே பெரிதாக்கினால் போதாது, பிரித்து அடுக்க வேண்டும். மருத்துவமனையின் அட்டவணை மாத்திரைவாரியாக இருக்கிறது. டாக்டருக்கும் மருந்தாளுநருக்கும் அதுதான் வசதி. அப்பாயி கேட்கிற கேள்வியோ வேறு. 'இப்போ விடிஞ்சிருக்கு, எதைப் போடணும்?' அவருக்கு வேளைவாரியாக வேண்டும்.

பேத்தி தாளை போனில் படமெடுத்து, பெரிதாக்கிப் பார்த்தபடி கணினியில் தட்டினார். ஐந்தாவது வரிசையில் விரல் நின்றது. மெட்டோபிரலால் என்ற பிரஷர் மாத்திரை. 1-0-1 என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்த இடத்தில் ½-0-½ என்று இருந்தது. 8 பாயின்ட் எழுத்தில் அந்த அரைக்குறியின் கோடும் இரண்டும் பொடியாகிவிடும், ஒன்று மட்டும்தான் கண்ணில் படும். மூன்று நாளும் முழு மாத்திரை போயிருக்கிறது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்று அப்பாயி முதல் நாள் சொன்னதை, ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்த அசதி என்று விட்டிருந்தார்கள்.

தாளில் இருந்த எண்ணுக்கு உடனே போன் போனது. அரை மாத்திரைதான் என்று உறுதிசெய்த டாக்டர், அன்றே அருகில் நாடித் துடிப்பையும் பிரஷரையும் பார்க்கச் சொன்னார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தார்கள். நாடி சற்றுக் குறைவு, பயப்பட ஒன்றுமில்லை. அன்றிரவு அந்த மாத்திரையை நிறுத்தி, மறுநாளிலிருந்து அரையாகக் கொடுக்கச் சொன்னார் டாக்டர்.

அன்று மாலையே தாள் வேலை மறுபடி தொடங்கியது. முதலில் எழுத்தின் அளவு. 'அரை மாத்திரை' என்ற சொல்லையே 18, 24, 28, 32 பாயின்டில் அச்சிட்டு, அப்பாயி வழக்கமாக மாத்திரை போடுகிற இடத்தில், ராத்திரி பல்பு வெளிச்சத்தில், அவருடைய கண்ணாடியோடு வாசிக்கச் சொன்னார் பேத்தி. பகலில் 24 போதுமாக இருந்தது. இரவில் 28-ல்தான் தடுமாற்றம் நின்றது. அதனால் 28. மெல்லிய எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி மறைந்துவிடுகிறது என்பதால் தடித்த எழுத்து. வெள்ளைத் தாளில் கறுப்பு மை மட்டும். லேமினேட் செய்யவில்லை, பல்பு வெளிச்சம் பளபளத்து எழுத்தை மறைக்கும்.

வேளைக்கு ஒரு தாளாக நான்கு தாள்கள். காலை சாப்பாட்டுக்கு முன், காலை சாப்பிட்ட பிறகு, மதியம் சாப்பிட்ட பிறகு, இரவு சாப்பிட்ட பிறகு. அந்த வேளையில் இல்லாத மாத்திரைக்கு அந்தத் தாளில் இடமே கிடையாது. அதனால் பூஜ்யங்கள் எல்லாம் காணாமல் போயின. கட்டம் போடும் கோடுகளும் இல்லை, வரிக்கு வரி நல்ல இடைவெளி மட்டும். ½ என்ற குறிக்குப் பதில் 'அரை மாத்திரை', 1 என்பதற்குப் பதில் 'ஒரு மாத்திரை'. இரவுத் தாள் இப்படி அமைந்தது:

இரவு – சாப்பிட்ட பிறகு

சர்க்கரை: மெட்ஃபார்மின் 500 – ஒரு மாத்திரை

பிரஷர்: மெட்டோபிரலால் 25 – அரை மாத்திரை

கொழுப்பு: அட்டார்வாஸ்டாடின் 10 – ஒரு மாத்திரை

எதற்கான மாத்திரை என்பதை முன்னால் போட்டதற்குக் காரணம் உண்டு. முதல் இரண்டுமே 'மெட்' என்றுதான் தொடங்குகின்றன. வேகமாகப் பார்த்தால் மாறிப்போகும். அட்டை ஆங்கிலத்தில் இருப்பதால், சர்க்கரை மாத்திரை டப்பாவில் 'ச', பிரஷர் டப்பாவில் 'பி' என்று மார்க்கரால் பெரிதாக எழுதி ஒட்டினார். காலி அட்டையைத் தாளிலேயே ஒட்டலாமா என்ற யோசனையைக் கைவிட்டார். அடுத்த மாதம் வேறு கம்பெனி அட்டை வந்தால் நிறம் மாறிவிடும், தாள் பொய் சொல்லும்.

பிறகு சரிபார்ப்பு. பழைய அட்டவணையில் பூஜ்யம் அல்லாத இடங்களை எண்ணினார். மெட்ஃபார்மினும் மெட்டோபிரலாலும் இரண்டிரண்டு, மற்ற ஐந்தும் ஒவ்வொன்று, ஆக 9. புதிய நான்கு தாள்களிலும் உள்ள வரிகளை எண்ணினால் எட்டுதான் வந்தது. மதியத்துக்கான ஆஸ்பிரின் விட்டுப்போயிருந்தது. சேர்த்ததும் 2, 3, 1, 3, மொத்தம் 9. ஆனால் எண்ணிக்கை சரியாக வந்தாலும் ஒரு மாத்திரை தவறான வேளையில் உட்கார்ந்திருக்கலாம், அளவு மாறியிருக்கலாம். ஆகவே அப்பா புதிய தாளை உரக்க வாசிக்க, பேத்தி பழைய தாளில் ஒவ்வொன்றாக டிக் அடித்தார். மறுநாள் சுகாதார நிலைய மருந்தாளுநரும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கொடுத்தார்.

தாளின் மேல் மூலையில் தேதி இருக்கிறது. டாக்டர் ஒரு மாத்திரையை மாற்றினாலும், பேனாவால் அடித்துத் திருத்தாமல் அந்த வேளைத் தாளையே புதிதாக அச்சிட்டுப் பழையதைக் கிழித்துவிட வேண்டும் என்பது வீட்டில் பேசிவைத்த பேச்சு. சுவரில் இரண்டு தாள் இருந்தால் எது புதியது என்று அப்பாயிக்கு எப்படித் தெரியும்?

இரவு எட்டு மணி. காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கும் தாளைப் பார்த்து அப்பாயி ஒவ்வொரு வரியாக வாய்விட்டு வாசிக்கிறார். "பிரஷர்... அரை மாத்திரை." உடைத்த பாதியை உள்ளங்கையில் வைத்துப் பேத்தியிடம் காட்டுகிறார்.

"மீதிப் பாதி காலைக்கு. சரிதானே கண்ணு?"

"சரிதான் அப்பாயி."