பாட்டி எடுத்த பச்சை

பாட்டியின் 1962ஆம் ஆண்டுக் கல்யாணப் படத்துக்கு வண்ணம் பூசியபோது, புடவையை அரக்குச் சிவப்பாக்கினேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் வெளிச்சத்தின் அளவு மட்டுமே பதியும். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாக விழலாம். கல்யாணப் புடவை என்றால் சிவப்புதானே என்று நானே முடிவுசெய்துவிட்டேன்.

“இது யாருடி?” என்றாள் பாட்டி.

அம்மாவுக்குப் பாவாடை தைத்தது போக மிஞ்சிய துண்டைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்தாள். கிளிப்பச்சை.

“மாப்பிள்ளைய யாரும் எங்கிட்ட கேட்டு முடிவு பண்ணல. இந்தப் பச்சைய மட்டும் நான்தான் எடுத்தேன்.”

துண்டின் மேற்பக்கம் வெளுத்திருந்தது. வெளிச்சம் படாத உள்மடிப்பைப் படமெடுத்து, அந்த நிறத்தைச் சாம்பலின்மேல் மெல்லியதாகப் படரவிட்டேன். கொசுவ மடிப்புகளின் நிழல் கலையவில்லை.

பார்த்தாள். திரையில் முந்தானையைத் தடவினாள். “ஆமா, நான்தான்.”

தாத்தாவின் அங்கவஸ்திரக் கரை என்ன நிறம் என்று கேட்டேன்.

“அது யாருக்கு ஞாபகம்?”