திங்களா, செவ்வாயா?

சென்ற ஆவணியில் என் தந்தையாரின் வருஷ சிராத்தம் வந்தது. அவர் சிவபதம் அடைந்தது தேய்பிறைத் தசமியில். நாட்காட்டியின் செவ்வாய்க்கிழமைத் தாளில் தசமியைக் கண்ட தம்பி, அன்று காலை வந்து சேரும்படி பயணச்சீட்டும் எடுத்துவிட்டான். தந்தையார் மறைந்த அன்றிருந்த திருவாதிரையும் அதே நாளில் வந்ததால் அவனுக்கு ஐயமே எழவில்லை.

"பஞ்சாங்கத்தையும் பார்த்துவிடு" என்றார் தாயார்.

திங்கட்கிழமைக்கு, 'நவமி நா. 16-30' என்றிருந்தது. சூரியோதயத்திலிருந்து பதினாறரை நாழிகை வரை நவமி, அதன்பின் தசமி என்பது பொருள். நாழிகைக்கு 24 நிமிஷம். அன்று உதயம் காலை 6 மணி. ஆகவே பகல் 12.36க்கே தசமி பிறந்துவிடுகிறது. செவ்வாயன்றோ அது 12 நாழிகை, அதாவது 10.48 வரைதான்.

சிராத்தத்துக்கு உதயகாலத் திதியைக் கொள்வதில்லை. அபராஹ்ணத்தில் நிற்கும் திதியையே கொள்ள வேண்டும். பகலை ஐந்தாகப் பகுத்தால் நான்காம் பங்கு அபராஹ்ணம். அன்று ஏறத்தாழ 1.12 முதல் 3.36 வரை. அவ்வேளையில் திங்களன்று தசமி, செவ்வாயன்று ஏகாதசி. நட்சத்திரத்தை எங்கள் குடும்பத்தில் பிறந்தநாளுக்கே பார்ப்போம்.

வாத்தியாரும் திங்கள் என்றே உறுதி செய்தார். தம்பி ஞாயிறு இரவே கிடைத்த பேருந்தில் ஏறி வந்தான். பிண்டம் வைக்கையில் மணி இரண்டு.

மறுநாள் காலை நாட்காட்டியில் தசமி என்று வாசித்த தாயார், "உங்கள் அப்பா நேற்றே உண்டு சென்றுவிட்டார்" என்றார்.