பாட்டிக்கு ஓர் ஒலிவழிகாட்டி

தில்லியின் லோதித் தோட்டத்தில் 15, 16ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த கட்டடங்கள் பல நடந்து காணும் தொலைவில் உள்ளன. அங்குள்ள அறிவிப்புப் பலகைகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டிருக்கின்றன. தஞ்சாவூரிலிருந்து எங்களுடன் தங்க வந்த என் பாட்டிக்கு அவ்விரு மொழிகளும் தெரியா. பிறர் துணையின்றி, கைப்பேசியில் கேட்டபடியே அவர் அத்தோட்டத்தைச் சுற்றிவர வேண்டும் என விரும்பி, தமிழில் ஓர் ஒலிவழிகாட்டி எழுதினேன்.

முதலில் நேரத்தைக் கணக்கிட்டேன். முகம்மது ஷாவின் கல்லறையிலிருந்து படா கும்பத் என்னும் பெரிய குவிமாடக் கட்டடத்திற்கு நான் மூன்று நிமிடத்தில் நடந்துவிடுவேன். பாட்டிக்கு ஆறு நிமிடம் ஆகும். இடைவிடாது ஓடும் ஒரே ஒலிப்பதிவாக அமைத்தால், அவர் பாதி வழியில் இருக்கும்போதே அடுத்த கட்டடத்தின் கதை தொடங்கிவிடும். எனவே ஒவ்வோர் இடத்திற்கும் தனித்தனிப் பதிவு செய்தேன். ஒவ்வொன்றின் முடிவிலும், "இப்போது நிறுத்திவிடுங்கள்; சென்று சேர்ந்தபின் அடுத்த பதிவைக் கேளுங்கள்" என்று சொன்னேன். நிதானமாகப் படித்தால் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 90 சொற்களைச் சொல்ல இயலும். வெயிலில் நின்று கேட்பவருக்கு ஒன்றரை நிமிடமே போதும். ஆகவே ஓரிடத்திற்கு 130 சொற்கள் என வரையறுத்துக்கொண்டேன்.

அடுத்தது வழி. "இடப்பக்கம் திரும்புங்கள்" என்று மட்டும் சொன்னால் பயனில்லை. கேட்பவர் எத்திசை நோக்கி நிற்கிறார் என்பதைப் பொறுத்து இடமும் வலமும் மாறிவிடும். ஆதலால் நிற்கும் நிலை, செல்லும் திசை, சேர்ந்தமைக்கான அடையாளம் என்னும் மூன்றையும் அதே வரிசையில் எழுதினேன்:

"பாட்டி, லோதி சாலை உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு நில்லுங்கள். அப்படியே முன்னோக்கி வடக்கே செல்லும் பாதையில் மெல்ல நடங்கள். ஆறு நிமிடம் ஆகும். பெரிய குவிமாடம் ஒன்றும், அதை ஒட்டி மேடைமேல் ஒரு மசூதியும் தெரிந்தால் சரியான இடத்திற்கு வந்துவிட்டீர்கள்."

மூன்றாவதாகிய அடையாளமே மிகவும் இன்றியமையாதது. அது இல்லையெனில், வழி தவறியவர் தாம் தவறியதை அறியாமலே நடந்துகொண்டிருப்பார். அடையாளமும் நிலையானதாக இருத்தல் வேண்டும். பூத்திருக்கும் செடியும் பலூன் விற்பவரும் அடுத்த வாரம் அங்கே இருக்கமாட்டார்கள்.

இறுதியாகச் செய்திகள். அரசர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் அடுக்கினால் காது அவற்றை உடனே விட்டுவிடும். கேட்பவரின் கண் அங்கேயே சரிபார்க்கக்கூடிய செய்தி மனத்தில் நிற்கும். படா கும்பத்துக்கு நான் எழுதியது இது: "வெளியிலிருந்து பார்த்தால் இது மாடிக் கட்டடம் போலத் தோன்றும். உள்ளே சென்று மேலே பாருங்கள். ஒரே கூடம்தான்! கல்லறை இருக்கிறதா என்று தரையையும் பாருங்கள். இல்லை. அருகிலுள்ள மசூதி 1494இல் கட்டப்பட்டது."

இரண்டு இடங்களை ஒப்பிடச் செய்வதும் நல்ல வழி. முகம்மது ஷாவின் கல்லறை எட்டுப் பக்கங்கள் கொண்டது. அதன் குவிமாடத்தைச் சுற்றிச் சிறு மண்டபங்கள் உள்ளன. அவற்றை எண்ணிவைத்துக்கொள்ளுமாறு முதற்பதிவில் பாட்டியிடம் கேட்டிருந்தேன். 1517இல் இறந்த சிக்கந்தர் லோதியின் கல்லறையை அடைந்ததும், "இதுவும் எட்டுப் பக்கம் கொண்டதே. முன்பு எண்ணிய சிறு மண்டபங்கள் இங்கே எங்கே?" என்று வினவினேன். அவை இங்கே இல்லை. மாறாக, கல்லறையைச் சுற்றி உயர்ந்த மதில் இருக்கிறது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளில் கட்டடக்கலை மாறியதை, விளக்கவுரை எதுவுமின்றிப் பாட்டி தாமே கண்டுகொண்டார்.

கடைசி இடம் அக்பர் காலத்தைச் சேர்ந்த அட்புலா என்னும் கற்பாலம். அதற்கு நான் எழுதிய பதிவே மிகச் சிறியது: "பாட்டி, 'ஆட்' என்றால் இந்தியில் எட்டு, 'புல்' என்றால் பாலம். பாலத்தின் வளைவுகளை எண்ணுங்கள். ஏழுதான் வருகிறதா? இப்போது வளைவுகளைத் தாங்கும் தூண்களை எண்ணுங்கள்."