அம்மாவை வாசலில் நிறுத்திய அறிவிப்புப் பலகை!

தாம்பரத்தில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு கிளை நூலகம் இருக்கிறது. ஏழாம் வகுப்பு படிக்கும்போது சனிக்கிழமை தோறும் அம்மா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போவார். நான் உள்ளே போய் ஒரு மணி நேரம் படிப்பேன். அம்மா வெளியே வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருப்பார்.

‘நீயும் உள்ள வாம்மா’ என்றால், ‘நான் மெம்பர் இல்லையே’ என்பார். அவர் கை காட்டியது வாசலில் தொங்கிய விதிமுறைப் பலகையை. ‘உறுப்பினர் அல்லாதோருக்கு நூல்கள் வழங்கப்பட மாட்டாது’ என்று அதில் ஒரு வரி. வீட்டுக்கு நூல் தர மாட்டோம் என்பதுதான் அதன் பொருள். உள்ளே உட்கார்ந்து பேப்பர் படிக்க யார் வேண்டுமானாலும் வரலாம். ஆனால், ‘உறுப்பினர் அல்லாதோர்’, ‘மாட்டாது’ என்ற இரண்டும் கண்ணில் பட்டதுமே அம்மா தன்னைத்தானே வெளியே நிறுத்திக்கொண்டார்.

இப்போது நான் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கத் தலைப்பு எழுதுவதும் வாக்கியங்களைச் சுருக்குவதும்தான் வேலை. சில மாதங்களுக்கு முன் அந்த நூலகத்துக்குப் போனபோது பலகை வெளுத்துப் போயிருந்தது. ‘புதுசா எழுதணும்மா. நீதான் பத்திரிகைல இருக்கியே, கொஞ்சம் மரியாதையா எழுதிக் குடேன். ஆனா ஒரு விதிகூட விட்டுப் போகக் கூடாது’ என்றார் நூலகர் மேடம்.

மொத்தம் ஒன்பது விதிகள். ஒன்பதும் ‘கூடாது’ ரகம். ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முதல் வரைவு இனிக்க இனிக்க வந்தது. ‘செல்போனை சைலன்ட்டில் வைத்து உதவுங்கள்’, ‘படித்த நூல்களை மேசையில் வைக்கலாம்’ என்ற பாணியில் எழுதி, ஏ4 தாளில் பிரின்ட் எடுத்து ஒட்டினோம்.

மூன்றாம் நாளே மேடம் போன் செய்தார். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு தம்பி, போன் வந்ததும் அங்கேயே உட்கார்ந்து பேசியிருக்கிறார். கேட்டதற்கு, ‘சைலன்ட்லதான் மேடம் வெச்சிருக்கேன்’ என்றாராம். அவர் சொன்னதில் தப்பே இல்லை. பழைய பலகை பேசுவதைத் தடுத்தது. நான் எழுதியது மணி அடிப்பதை மட்டும்தான் தடுத்தது. மரியாதையைச் சேர்க்கும்போது ஒரு விதியைத் தொலைத்திருந்தேன்.

அடுத்த முறை வேறு மாதிரி உட்கார்ந்தேன். நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் பழைய விதியை எழுதினேன். வலப்பக்கம் இரண்டு கேள்விகள். இது தடுக்கும் செயல் எது? அதைச் செய்ய நினைத்து வருபவர் அதற்குப் பதிலாக எங்கே போக வேண்டும், என்ன செய்ய வேண்டும்? இரண்டாவது கேள்விக்குப் பதில் இருந்தால்தான் ‘கூடாது’வை எடுக்க முடியும் என்று அப்போதுதான் புரிந்தது.

போன் விதி இப்படி ஆனது: ‘உள்ளே வரும்போது போனை சைலன்ட்டில் வையுங்கள். பேச வேண்டியிருந்தால் வராந்தாவுக்குச் சென்று பேசிவிட்டு வாருங்கள்.’ ஒரு வரி இரண்டு வரியாகிவிட்டது. ஆனால், பேசுவதற்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது.

‘வைக்கலாம்’ என்பது இன்னொரு பொறி. தமிழில் ‘லாம்’ போட்டால் அது அனுமதி; விருப்பம் இருந்தால் செய்யலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். பழைய விதியோ, ‘எடுத்த நூல்களை வாசகர்கள் அடுக்கில் வைக்கக் கூடாது’ என்றது. இது ஏன் என்று எனக்கே தெரியாது. மேடம்தான் சொன்னார்: ‘நல்ல எண்ணத்துலதான் திருப்பி வைப்பாங்க. ரெண்டு வரிசை தள்ளி வெச்சுட்டா அந்தப் புத்தகம் காணாமப் போன மாதிரிதான். அடுத்தவங்க கேட்டா எங்களால தேடி எடுக்க முடியாது.’ அதனால் புதிய வரி: ‘படித்து முடித்த நூலை மேசை மேலேயே விட்டுச் செல்லுங்கள். அதற்குரிய இடத்தில் நாங்கள் வைக்கிறோம்.’ ‘மேலேயே’ என்பதில் உள்ள ஏகாரம்தான் பழைய ‘கூடாது’வின் வேலையைச் செய்கிறது.

நூல்களில் எழுதவோ கோடிடவோ கூடாது என்ற விதியில் அந்த வேலையை ‘மட்டும்’ செய்தது. ‘குறிப்புகளை உங்கள் நோட்டில் எழுதுங்கள்’ என்றால் போதாது. நோட்டிலும் எழுதலாம், புத்தகத்திலும் எழுதலாம் என்று வாதம் செய்ய இடமிருக்கிறது. ‘குறிப்பு எழுதுவதும் கோடு போடுவதும் உங்கள் நோட்டில் மட்டும் இருக்கட்டும்’ என்றதும் கதவு சாத்திக்கொண்டது.

சாப்பாட்டு விதிதான் அதிகம் இழுத்தது. காலையில் வந்து மாலை வரை படிக்கிற பிள்ளைகள் டிபன் பாக்ஸோடுதான் வருவார்கள். உள்ளே சிந்தினால் எறும்பும் கரப்பானும் வரும். கரப்பான் புத்தகத்தின் பைண்டிங் பசையையும் தின்னும். ‘சாப்பிட்டுவிட்டு வாருங்கள்’ என்று எழுதினால், பாக்ஸை மேசை வரை கொண்டுபோவதை அது தடுக்காது. கடைசியில், ‘சாப்பாட்டையும் தின்பண்டங்களையும் வாசல் அலமாரியில் வைத்துவிட்டு உள்ளே வாருங்கள். பசிக்கும்போது வராந்தாவில் சாப்பிடலாம்’ என்று முடிந்தது. இங்கே ‘லாம்’ சரி. சாப்பிடுவது அவரவர் விருப்பம்தானே!

ஒன்பதில் ஒன்றை மட்டும் தொட முடியவில்லை. அது புகை பிடிப்பது பற்றிய வரி. 2003-ம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டம், பொது இடங்கள் என்று பட்டியலிடுவதில் நூலகமும் இருக்கிறது. ‘இங்கு புகை பிடிப்பது குற்றம்’ என்று எழுதிய பலகை, குறைந்தது 60-க்கு 30 சென்டிமீட்டர் அளவில் வாசலில் இருக்க வேண்டும் என்கின்றன 2008-ம் ஆண்டு விதிகள். சட்டம் சொல்லச் சொன்ன வாசகத்தை நான் இனிமையாக்க முடியாது. அதைத் தனிப் பலகையாகவே விட்டுவிட்டோம். எங்கள் வரைவில் அதற்கென்று ஒரே ஒரு வரி: ‘புகை பற்றிய சட்ட அறிவிப்பு பக்கத்துப் பலகையில் உள்ளது.’

எல்லாம் முடித்து மேடத்திடம் நீட்டினேன். பழைய பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடித்தார். ‘இந்தப் பலகையைப் பார்த்துட்டு யாராவது, இதைச் செய்யாதேன்னு நீங்க சொல்லலையேன்னு கேட்க முடியுமா?’ என்பதுதான் அவருடைய ஒரே சோதனை. ஒன்பது டிக் விழுந்தது. பிறகு சிரித்தபடி சொன்னார்: ‘எங்க படிப்புல எஸ்.ஆர்.ரங்கநாதனோட அஞ்சு விதிதான் அரிச்சுவடி. அவர் மெட்ராஸ் யுனிவர்சிட்டி நூலகரா இருந்தப்ப, 1931-ல புத்தகமாவே வந்தது. அந்த அஞ்சுல ஒண்ணுகூட வாசகரைப் பார்த்து செய்யாதேன்னு சொல்லாது. நாங்கதான் பலகை எழுதும்போது மறந்துடறோம்.’

அம்மாவை நிறுத்திய வரியைக் கடைசியாக எழுதி, பலகையில் முதலாவதாகப் போட்டேன்: ‘உள்ளே அமர்ந்து படிக்க எல்லோரும் வரலாம். நூலை வீட்டுக்கு எடுத்துச் செல்ல உறுப்பினர் அட்டை வேண்டும்.’ விதி அதேதான். அட்டை இல்லாவிட்டால் நூல் கிடையாது. ஆனால், பழைய பலகை சொல்லாமல் விட்ட பாதியையும் இது சொல்லிவிடுகிறது.

பலகை மாட்டிய சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். எதுவும் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியைப் படித்தார்.

‘இது எப்பலேருந்துடி?’ என்றார்.

‘எப்பவுமே இப்படித்தான்மா’ என்றேன்.

ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, எனக்கு முன்னால் உள்ளே போனார்.