படுவான்கரை கற்பித்த பாடம்

எங்கள் தமிழாசிரியருக்கு நன்றி கூறும் காணொளிக்கு உரை எழுதித் தருமாறு பழைய மாணவர் கேட்டனர். பேசுவதற்கு இரண்டே நிமிடம். ஆதலால் புகழ்மொழிகளை விடுத்து, மனத்தில் நிலைத்த ஒரு பாடத்தை மட்டும் எழுதினேன்:

"ஐயா, பெயர்ச்சொல் படிப்பித்த அன்று எங்களை வவுணதீவின் வாவிக்கரைக்கு அழைத்துச் சென்றீர்கள். வாவிக்குக் கிழக்கே, ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. மேற்கே, அது படும் பக்கமாகிய நம் கரை படுவான்கரை என்று விளக்கினீர்கள். பின்னர், 'இங்கே நிற்பவனுக்கு ஞாயிறு எங்கே படுகிறது?' என்று வினவினீர்கள். நம் வயல்களுக்கும் அப்பால் என்றோம். 'அப்படியானால் நம் கரைக்கு இப்பெயரை இட்டவன் எங்கே நின்றான்?' என்றீர்கள். எதிர்க்கரையில் என்றான் ஒருவன். வாவி நடுவே தோணியில் என்றான் மற்றொருவன். இரண்டும் பொருந்தும் என்றீர்கள்.

பிற்காலத்தில் பட்டணத்தில் ஒருவர் 'படுவான்கரையான்' என்று என்னை இகழ்ந்தபோது நான் தலைகுனியவில்லை. அச்சொல் காட்டியது ஒரு திசையை, என் தகுதியையன்று. இன்று என் மாணவரிடமும், ஒரு சொல்லின் பொருளோடு, அதைச் சொன்னவர் எங்கே நின்று சொன்னார் என்பதையும் கேட்கிறேன். அந்தக் கேள்வி நீங்கள் தந்தது, ஐயா."