நித்திரைக் குளிசையும் கலியாணச் சாப்பாடும்

பாமசியில் தரும் சின்னக் கடதாசி உறைகளில் நாம் எல்லோரும் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா? சிங்களத்தில் "கேமட்ட பஸ்சே" என்று எழுதியிருந்தால் சாப்பிட்டுவிட்டு. ஒன்றும் எழுதியிருக்காவிட்டாலும் நம்மில் அதிகமானோர் சாப்பிட்டுவிட்டுத்தான் குடிக்கிறோம். வெறும் வயிற்றில் மருந்து குடித்தால் வயிறு எரியும் என்று உம்மாமார் சொல்லித்தந்த பாடம் அது. வலிக் குளிசைகளுக்கும் சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் மெட்ஃபோமினுக்கும் அந்தப் பாடம் சரி. நித்திரைக் குளிசைக்குத்தான் அது சரிவராது. ஏன் என்பதை, எமது குடும்பத்தில் நடந்த ஒரு சம்பவத்தை வைத்துச் சொல்லலாம் என்று நினைக்கிறோம்.

அக்குறணைப் பக்கம் ஒரு கலியாணம். எமது மாமி ஒருவர், அறுபதைத் தாண்டியவர், பல மாதங்களாக டொக்டர் எழுதிக் கொடுத்த சொல்பிடெம் என்ற நித்திரைக் குளிசையைப் பாவிப்பவர். 5 மில்லிகிராம், இரவில் ஒன்று. வழமையான நாட்களில் ஏழு மணிக்குக் கொஞ்சம் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்குக் குளிசையைக் குடிப்பார். அரை மணித்தியாலத்தில் நித்திரை வந்துவிடும். அன்று சஹன் வரும்போதே ஒன்பதரை. நெய்ச்சோறு, ஆட்டிறைச்சி, பொரித்த கோழி, அச்சாறு, கடைசியில் வட்டிலப்பம். நம் கலியாண வீடுகளில் ஒரு பிடி மட்டும் சாப்பிட்டு எழும்புவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்தானே. பக்கத்தில் இருப்பவர் இறைச்சித் துண்டை நம் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார். வீட்டுக்கு வந்து 10.40க்குக் குளிசையைக் குடித்தார். பன்னிரண்டு மணியாகியும் கண் மூடவில்லை. இன்றைக்குக் குளிசை வேலை செய்யவில்லை என்று முடிவெடுத்து 12.15க்கு இன்னொன்றைக் குடித்தார்.

குளிசை வேலை செய்யாமல் இல்லை. அது இன்னும் போய்ச் சேரவில்லை.

வாயால் விழுங்கும் ஒரு குளிசை இரைப்பையில் கரையும். ஆனால் இரத்தத்துக்குள் போவது பெரும்பாலும் அங்கிருந்தல்ல, அதற்கு அடுத்துள்ள சிறுகுடலிலிருந்துதான். இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் இடையில் ஒரு வாசல் இருக்கிறது. வயிறு வெறுமையாக இருக்கும்போது ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்கிய குளிசை கரைந்து, அந்த வாசலால் சீக்கிரமே இறங்கிவிடும். வயிறு நிறைந்திருந்தால் இரைப்பை முதலில் சோற்றையும் இறைச்சியையும் அரைத்துக் கூழாக்க வேண்டும். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கீழே விடும். கரைந்த மருந்தும் அந்தக் கூழோடு கலந்து அதே வரிசையில் நிற்கும்.

இதில் நெய்யும் கொழுப்பும்தான் பெரிய தடை. கொழுப்பு சிறுகுடலைத் தொட்டவுடன் அங்கிருந்து கொலசிஸ்டோகைனின் என்ற ஓமோன் சுரக்கிறது. கொழுப்பைச் சமிபாடு செய்ய நேரம் வேண்டும் என்பதால், கொஞ்சம் பொறு என்று இரைப்பைக்குச் சொல்வது போன்ற வேலை அதற்கு. வாசல் இறுகும், இரைப்பையின் அசைவு மந்தமாகும். சாதாரணச் சாப்பாட்டை விட நெய்ச்சோறும் தேங்காய்ப்பாலும் வட்டிலப்பமும் சேர்ந்த சாப்பாடு வயிற்றில் அதிக நேரம் தங்குவது இதனால்தான். நீண்ட காலம் சீனி வருத்தம் உள்ள சிலருக்கு இரைப்பையை அசைக்கும் நரம்புகளும் பாதிக்கப்பட்டிருக்கும். அவர்களுக்குத் தாமதம் இன்னும் கூடலாம்.

சொல்பிடெம் விஷயத்தில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஆரோக்கியமான 30 ஆண்களுக்கு 10 மில்லிகிராம் குளிசையை ஒரு தடவை வெறும் வயிற்றிலும், இன்னொரு தடவை சாப்பிட்டு 20 நிமிடத்திலும் கொடுத்து இரத்தத்தைச் சோதித்தார்கள். வெறும் வயிற்றில் மருந்து இரத்தத்தில் உச்சத்தைத் தொட சராசரியாக 1.4 மணித்தியாலம் எடுத்தது. சாப்பிட்ட பின் 2.2 மணித்தியாலம். உச்சத்தின் அளவும் கால்வாசி குறைந்தது. ஆனால் மொத்தமாக உடலுக்குள் போன மருந்து குறைந்தது 15 வீதம் மட்டுமே. அந்தக் கடைசி எண்ணை நன்றாகக் கவனிக்க வேண்டும். சாப்பாடு மருந்தை அழித்துவிடவில்லை, பெரும்பகுதி எப்படியும் உள்ளே போகிறது. பிந்திப் போகிறது, அவ்வளவுதான். இதனால்தான் அந்த மருந்தின் துண்டுப் பிரசுரத்திலேயே, சாப்பாட்டோடோ சாப்பிட்டவுடனோ எடுக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. எழுத்து மிகச் சின்னது, மொழி ஆங்கிலம். நம் வீடுகளில் அந்தத் துண்டு பெட்டியோடு குப்பைக்குப் போய்விடுகிறது.

நித்திரைக் குளிசைக்கு இந்தப் பிந்தல் ஏன் இவ்வளவு முக்கியம்? பிரஷருக்குக் குடிக்கும் குளிசை ஒரு மணித்தியாலம் பிந்தினால் நமக்குத் தெரியப்போவதில்லை. நித்திரைக் குளிசை வேலை செய்வது அளவு விரைவாக ஏறும்போதுதான். மெல்ல மெல்ல, தாழ்வாக ஏறினால் கண்ணைச் சுழற்றும் அந்த அலை வராது. படுத்திருப்பவர் விழித்துக்கொண்டே மணிக்கூட்டைப் பார்ப்பார். அடுத்த குளிசையைத் தேடுவதும் அந்த நேரத்தில்தான்.

மாமியின் இரவை இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். அவர் ஆணுமில்லை, இளவயதுமில்லை, ஆகவே இது சராசரி எண்களை வைத்த மதிப்பீடுதான். ஆனாலும் நடந்தது விளங்கும். 10.40க்குக் குடித்த முதல் குளிசை, வயிறு நிறைந்திருந்ததால் உச்சத்தைத் தொடுவது ஏறக்குறைய 12.50க்கு. அதாவது அவர் இரண்டாவதைக் குடித்த நேரத்தில் முதலாவது இன்னும் ஏறிக்கொண்டே இருந்தது. இரண்டாவது உச்சத்தைத் தொட்டது இரண்டு மணியளவில் இருக்கலாம். இரத்தத்தில் இந்த மருந்து பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டரை மணித்தியாலம் வேண்டும். அப்படியானால் அதிகாலை நாலேமுக்காலுக்கு முதல் குளிசையில் மூன்றிலொரு பங்கும், இரண்டாவதில் கிட்டத்தட்டப் பாதியும் அவர் உடம்பில் மிச்சம். இரண்டையும் கூட்டினால், ஒரு முழுக் குளிசை அதன் உச்சத்தில் கொடுக்கும் அளவுக்குக் கிட்ட வந்துவிடுகிறது. வழமையான இரவில், நேரத்தோடு சாப்பிட்டு ஒன்று மட்டும் குடித்திருந்தால், அந்த நேரத்தில் உச்சத்தின் கால்வாசி அளவுதான் மிஞ்சியிருக்கும்.

சுபஹுக்குப் பாங்கு சொல்லும்போது எழும்பினார். மகளோடு இரண்டு வார்த்தை பேசியிருக்கிறார், அது அவருக்கு இன்றுவரை ஞாபகமில்லை. வுழூச் செய்யப் போனவர் குளியலறைப் படியில் கால் தடுமாறி விழுந்தார். மணிக்கட்டில் வெடிப்பு, ஆறு வாரம் பிளாஸ்டர். கண்டிப் பக்கத்து வீடுகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மலைச்சரிவில் கட்டியது, அறைக்கு ஒரு படி, குசினிக்கு இரண்டு படி, றோட்டுக்கு ஏற இருபது படி. அரை நித்திரையில் நடப்பதற்கு ஏற்ற வீடுகளல்ல. வீட்டார் முதலில் பிரஷரைச் சந்தேகித்தார்கள். பிறகு கண்ணூறு என்றார் ஒரு உறவுக்காரப் பெண்மணி. குளிசைத் தாளில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு குறைந்திருப்பதை மகள்தான் கண்டுபிடித்தார்.

இளையவர்களுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. காலையில் மோட்டார் சைக்கிளிலோ வேனிலோ கட்டுகஸ்தோட்டை நெரிசலுக்குள் இறங்குபவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2013ஆம் ஆண்டு பெண்களுக்கான சொல்பிடெம் ஆரம்ப அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாக வெளியேறுகிறது. எட்டு மணித்தியாலம் கழிந்தும் வாகனம் ஓட்டுவதைப் பாதிக்கும் அளவு மருந்து சிலரின் இரத்தத்தில் இருந்தது. அது நேரத்தோடு, ஒன்று மட்டும் குடித்தவர்களின் கதை. நடுச்சாமத்தில் இரண்டாவதைக் குடித்தவரின் காலையை நாமே கணக்குப் போடலாம்.

அப்படியானால் என்ன செய்வது? இரவுச் சாப்பாட்டை முன்னுக்கு இழுத்து, குளிசைக்கும் அதற்கும் இடையில் இரண்டு மூன்று மணித்தியாலம் விடுவதுதான் எளிய வழி. நெய்யும் இறைச்சியும் என்றால் அதைவிடக் கூட வேண்டும். குளிசையைத் தண்ணீரோடு, படுக்கையில் இருந்துகொண்டு, குறைந்தது ஏழு மணித்தியாலம் படுக்க நேரமிருந்தால் மட்டும் குடிக்க வேண்டும். நித்திரை வராவிட்டாலும் அன்றிரவுக்கு அந்த ஒன்றோடு முடிந்தது. கலியாண இரவுகளில் என்ன செய்வதென்று அடுத்த கிளினிக்கில் டொக்டரிடமே கேட்டு வைத்துக்கொள்ளலாம். நீண்ட காலம் தினமும் குடிப்பவர்கள் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் முன்னைவிட மோசமாக நித்திரை கெடும்.

குளிசை பிந்துவது சாப்பாட்டாலா, வேறு காரணத்தாலா என்று அறிய மாமியின் மகள் ஒரு வழி செய்தார். பழைய கொப்பி ஒன்றில் சாப்பிட்ட நேரம், குளிசை குடித்த நேரம், நித்திரை வந்த நேரம் என்று மூன்று நிரல். இரண்டு வாரத்தில் தெளிவாகத் தெரிந்தது: நேரத்தோடு சாப்பிட்ட இரவுகளில் அரை மணித்தியாலம், பிந்திச் சாப்பிட்ட இரண்டு இரவுகளில் ஒன்றரைக்கு மேல். எல்லா இரவும் ஒரேமாதிரிப் பிந்தியிருந்தால் காரணம் சாப்பாடு இல்லை. அப்போது அந்தக் கொப்பியை டொக்டரிடம் காட்டுவது, அளவைக் கூட்டுங்கள் என்று கேட்பதைவிட உபயோகம்.

எல்லா நித்திரைக் குளிசையும் ஒரேமாதிரியல்ல. சொல்பிடெமிலேயே மெதுவாகக் கரையும் வகை ஒன்று உண்டு. அதில் சாப்பாட்டின் பின் உச்சம் இரண்டு மணித்தியாலத்திலிருந்து நாலுக்குத் தள்ளிப்போகிறது. விரைவாக வேலை செய்யட்டும் என்று அந்த வகையை உடைத்தோ அரைத்தோ குடிக்கக் கூடாது. உங்கள் வீட்டில் இருப்பது எது என்பதைப் பாமசியில் கேளுங்கள், "கேமட்ட பெரத, பஸ்சேத" என்று ஒரு கேள்விதான்.

ரமழானில் இது இன்னும் சிக்கல். தராவீஹ் முடிந்து ஒன்பதரைக்குச் சாப்பிட்டு, பத்தரைக்குக் குளிசை குடித்து, மூன்றேமுக்காலுக்கு ஸஹருக்கு எழும்பினால் இடையில் ஐந்தேகால் மணித்தியாலம்தான். அதிலும் ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் குளிசை வயிற்றில் காத்திருக்கும். கனத்த சாப்பாட்டை நோன்பு திறந்தவுடன் முடித்து, தராவீஹுக்குப் பின் வெறும் தண்ணீரோடு நிறுத்தினால் முதல் சிக்கல் தீரும். நேரக் குறைவு தீராது. அதற்கு டொக்டரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும், அதுவும் ஷஃபான் மாதத்திலேயே. அதுவரை ஸஹருக்குக் கேஸ் அடுப்பைப் பற்றவைப்பது குளிசை குடித்தவராக இல்லாமல் வீட்டில் வேறொருவராக இருக்கட்டும். எமது மாமி வீட்டில் இப்போது அது மருமகனின் வேலை. தேத்தண்ணியில் சீனி கூட என்று மாமி குறை சொல்கிறார்.